செறிவான பஃபரில் pH ஏன் கணக்கோடு ஒத்துப்போவதில்லை

கேள்வி: 10 மடங்கு செறிவில் பாஸ்பேட் பஃபர் உப்புக்கரைசல் (பி.பி.எஸ்.) தயாரித்தேன். NaCl 1.37 மோலார், KCl 0.027, Na₂HPO₄ 0.1, KH₂PO₄ 0.018. pKa 7.20 என்று வைத்துக் கணக்குப் போட்டால் pH 7.94 வருகிறது. மீட்டரோ 6.8 காட்டுகிறது. பத்து மடங்கு நீர்த்தால் 7.4. இரண்டு பாஸ்பேட்டின் விகிதமும் மாறவே இல்லையே, பிறகு pH எப்படி மாறுகிறது? மீட்டர் கெட்டுவிட்டதா?

மீட்டர் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். விகிதம் மாறவில்லை என்று நீங்கள் சொல்வதும் சரி. 7.94-க்கும் 6.8-க்கும் நடுவே கரைசலில் இருக்கும் ஹைட்ரஜன் அயனியின் அளவு லிட்டருக்கு ஒரு மோலில் கோடியில் ஓரிரு பங்குதான் மாறுகிறது. 0.1 மோலார் HPO₄²⁻, 0.018 மோலார் H₂PO₄⁻ என்ற எண்களை அது தொடக்கூட முடியாது. மாறியது விகிதம் அல்ல. ஒவ்வொரு அயனியும் தன் செறிவுக்கு ஏற்றபடி சமநிலையில் பங்கெடுக்கும் என்று நீங்கள் எடுத்துக்கொண்ட அனுமானம்தான் உடைந்திருக்கிறது.

நீங்கள் பயன்படுத்திய சமன்பாட்டைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். 7.20 என்ற pKa எல்லையற்று நீர்த்த கரைசலுக்கானது. 25 டிகிரியில் துல்லியமாகச் சொன்னால் 7.198. அந்த மாறிலியில் வருபவை செறிவுகள் அல்ல, ஆக்டிவிட்டிகள். ஓர் அயனியின் ஆக்டிவிட்டி என்பது அதன் செறிவை அதன் ஆக்டிவிட்டி குணகம் γ-ஆல் பெருக்கிய மதிப்பு. முழுதாக எழுதினால் சமன்பாடு இப்படி இருக்கும்:

```
pH = pKa + log([HPO4]/[H2PO4]) + log(γ2/γ1)
```

γ2 என்பது இரட்டை மின்சுமை கொண்ட HPO₄²⁻-க்கு உரியது, γ1 ஒற்றை மின்சுமை கொண்ட H₂PO₄⁻-க்கு உரியது. பாடப்புத்தகத்தில் நாம் படிக்கும் வடிவத்தில் கடைசி உறுப்பு இல்லை. அது பூச்சியம் என்று சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். மிக நீர்த்த கரைசலில் அது சரி. உங்கள் குப்பியில் அந்த உறுப்பின் மதிப்பு ஏறக்குறைய −1.1.

இது ஏன் பூச்சியமாக இல்லை? உப்பு கரைந்த நீரில் எந்த ஓர் எதிர் அயனியை எடுத்துக்கொண்டாலும், அதைச் சுற்றி சராசரியாக நேர் அயனிகள் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். ஓரிடத்தில் நிலையாக நிற்கும் கூடு இல்லை இது. வெப்ப அசைவில் எல்லாம் ஓடிக்கொண்டே இருக்க, சராசரியில் தென்படும் ஒரு சாய்வு மட்டுமே. இதைத்தான் அயனி வளிமண்டலம் என்கிறோம். எதிரெதிர் மின்சுமைகள் பக்கத்தில் இருப்பதால் அந்த அயனியின் ஆற்றல் தனியாக இருந்ததைவிடக் குறைகிறது. ஆற்றல் குறைந்த அயனிக்குத் தன் நிலையை விட்டு வேறொன்றாக மாறும் உந்துதலும் குறைவு. அதனால் γ ஒன்றுக்குக் கீழே இறங்குகிறது. இந்த நிலைப்பாடு மின்சுமையின் வர்க்கத்தைப் பொறுத்தது. இரட்டை மின்சுமை கொண்ட HPO₄²⁻-க்கு, ஒற்றை மின்சுமை கொண்ட H₂PO₄⁻-ஐப் போல நான்கு மடங்கு பலன் கிடைக்கிறது. உப்பைக் கூட்டக் கூட்ட, H₂PO₄⁻ தன் புரோட்டானை விட்டுவிட்டு HPO₄²⁻ ஆக மாறுவது ஆற்றல் கணக்கில் லாபமாகிறது. அதாவது அமிலம் வலுவடைகிறது, pH கீழே வருகிறது. உங்கள் NaCl இந்த வினையில் எங்குமே எழுதப்படவில்லை. ஆனாலும் சமநிலையை நகர்த்துவது பெரும்பாலும் அதுதான்.

அந்தச் சூழலை ஒரே எண்ணில் அடக்கும் அளவைக்கு அயனி வலிமை என்று பெயர். லூயிஸும் ராண்டாலும் 1921-இல் கொண்டுவந்தது. ஒவ்வோர் அயனியின் செறிவையும் அதன் மின்சுமையின் வர்க்கத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டிப் பாதியாக்க வேண்டும். உங்கள் கரைசலில் Na⁺ 1.57 (1.37 உப்பிலிருந்து, 0.2 பாஸ்பேட்டிலிருந்து), K⁺ 0.045, Cl⁻ 1.397, H₂PO₄⁻ 0.018. HPO₄²⁻ 0.1 மட்டுமே என்றாலும் மின்சுமை வர்க்கம் 4 என்பதால் 0.4 என்று கணக்கில் வரும். மொத்தம் 3.43, பாதி 1.715 மோலார். பத்து மடங்கு நீர்த்ததில் 0.1715.

அயனி வலிமையிலிருந்து γ-வுக்குப் போக 1923-இல் டெபையும் ஹக்கலும் ஒரு கோட்பாடு தந்தார்கள். ஆய்வகத்தில் அன்றாடம் பயன்படுவது அதை நீட்டித்து எழுதிய டேவிஸ் சமன்பாடு. 25 டிகிரி நீருக்கு:

```
log γ = -0.509 z² ( √I/(1+√I) - 0.3 I )
```

இதை உங்கள் கரைசலில் போடும் முன், விடை உறுதியாகத் தெரிந்த ஒரு கரைசலில் போட்டுப் பார்ப்பது நல்லது. pH மீட்டரைச் சரிபார்க்க நாம் பயன்படுத்தும் பாஸ்பேட் தர பஃபரையே எடுத்துக்கொள்வோம். அதில் KH₂PO₄ 0.025, Na₂HPO₄ 0.025 இருக்கும். இரண்டும் சமம் என்பதால் விகிதத்தின் மடக்கை பூச்சியம். பாடப்புத்தகச் சமன்பாட்டின்படி pH 7.20 ஆக இருக்க வேண்டும். ஆனால் அந்தக் குப்பியின் மேல் 6.86 என்று அச்சிட்டிருக்கும். 25 டிகிரியில் அதன் சான்றளித்த மதிப்பு 6.865. அயனி வலிமை 0.025 + 3 × 0.025, அதாவது சரியாக 0.1. டேவிஸில் போட்டால் ஒற்றை மின்சுமைக்கு log γ −0.107, இரட்டைக்கு −0.428. வித்தியாசம் −0.321. அதை 7.198-உடன் சேர்த்தால் 6.877. அளந்த மதிப்புக்கும் இதற்கும் 0.012 மட்டுமே இடைவெளி. 7.413 மதிப்புள்ள இன்னொரு தர பஃபரும் இருக்கிறது. அதில் Na₂HPO₄ 0.03043, KH₂PO₄ 0.008695, அயனி வலிமை மறுபடியும் 0.1. அதற்கு இதே கணக்கு 7.421 தருகிறது. ஆகவே 0.1 வரைக்கும் இந்த விளக்கத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. மீட்டரைச் சரிபார்க்கும் ஒவ்வொரு முறையும் 7.20-க்கும் 6.86-க்கும் நடுவிலுள்ள அந்த இடைவெளி உங்கள் கையில்தான் இருந்திருக்கிறது.

இப்போது நீங்கள் நீர்த்த கரைசல். அயனி வலிமை 0.1715. ஒற்றை மின்சுமைக்கு log γ −0.123 வருகிறது. இரட்டைக்கு அதன் நான்கு மடங்கு என்பதால் வித்தியாசம் அதன் மூன்று மடங்கு, −0.369. விகிதத்தின் மடக்கை 0.745. ஆக pH 7.198 + 0.745 − 0.369 = 7.57. நீங்கள் அளந்தது 7.4. திசை சரி, இன்னும் 0.17 இடிக்கிறது. இந்த மிச்சம் எதனால் என்பதைப் பிறகு பார்ப்போம்.

அடுத்து மூலக்கரைசல். அயனி வலிமை 1.715 என்று அதே சமன்பாட்டில் போட்டால் ஒற்றை மின்சுமைக்கு log γ −0.027. மூன்று மடங்கு −0.08. pH 7.86! நீர்த்த கரைசலைவிடச் செறிவான கரைசலுக்கு pH அதிகம் என்கிறது சமன்பாடு. உண்மையில் நடப்பது அதற்கு நேர் எதிர். நிரலில் டேவிஸ் சமன்பாட்டை எழுதிவைத்துவிட்டு எந்தச் செறிவுக்கும் ஓட்டுபவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். எண் ஒன்று வருகிறது, பார்க்க நம்பும்படியாகவும் இருக்கிறது, ஆனால் முழுக்கத் தவறு.

காரணம் அந்த 0.3 I என்ற வால். அதற்கு ஆழமான கோட்பாட்டு அடிப்படை கிடையாது. பல உப்புகளின் அளவீடுகளுக்குச் சராசரியாகப் பொருந்தட்டும் என்று சேர்த்த திருத்தம் அது. டேவிஸ் 1938-இல் 0.2 என்று வைத்திருந்தார், பிறகு 0.3 ஆக்கினார். அயனி வலிமை 0.1-க்குக் கீழே அது சின்னத் திருத்தம். 1.7-இல் அதுவே முதல் உறுப்பைக் கிட்டத்தட்ட விழுங்கிவிடுகிறது. வாலை வெட்டிவிட்டுக் கணக்குப் போட்டால் 7.08 வரும், 6.8-க்கு அருகில். அதற்காக வால் இல்லாத வடிவம் மேலானது என்று முடிவு கட்ட வேண்டாம். இந்தச் செறிவில் இரண்டுக்குமே நம்பகத்தன்மை கிடையாது, ஒன்று தற்செயலாகக் கிட்டே வந்து நிற்கிறது.

அடிப்படைக் கோட்பாடே எங்கே உடைகிறது என்பதை ஒரு நீளத்தை வைத்துப் பார்த்துவிடலாம். அயனி வளிமண்டலம் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதை டெபை நீளம் சொல்கிறது. 25 டிகிரி நீரில் ஒற்றை மின்சுமை உப்புகளுக்கு அது 0.304-ஐ √I-ஆல் வகுத்தால் வரும் நானோமீட்டர். அயனி வலிமை 0.001-இல் 9.6 நானோமீட்டர். அயனிக்கும் அதன் வளிமண்டலத்துக்கும் நடுவில் பல நீர் மூலக்கூறுகள் இருக்கின்றன. நீரைத் தொடர்ச்சியான ஒரு பின்னணியாகவும் அயனிகளை மின்சுமைப் புள்ளிகளாகவும் பார்ப்பது அங்கே நியாயம். 0.1-இல் 0.96 நானோமீட்டர், இன்னும் சமாளிக்கலாம். உங்கள் 1.715-இல் 0.23 நானோமீட்டர். ஒரு நீர் மூலக்கூறின் விட்டமே சுமார் 0.28. வளிமண்டலம் ஒரு நீர் மூலக்கூறைவிடச் சிறியது என்று சொன்னால் அந்தப் படத்துக்கே பொருளில்லை. அங்கே அயனிகள் ஒன்றையொன்று நேரடியாக உரசிக்கொண்டு இருக்கின்றன. இன்ன அயனி என்ற அடையாளம் முக்கியமாகிறது. வெறும் அயனி வலிமை என்ற ஒற்றை எண் அதற்குப் போதாது.

இந்தக் கட்டத்தில் இரண்டு விளைவுகள் எதிரெதிராக இழுக்கின்றன. முதலாவது நீர்ப் பற்றாக்குறை. ஒரு கிலோ நீரில் 55.5 மோல் நீர் இருக்கிறது. அதில் 6 மோல் NaCl கரைத்தால் ஒவ்வொரு Na⁺, Cl⁻ இணைக்கும் ஒன்பது நீர் மூலக்கூறுகள்தான் பங்கு. Na⁺ ஒன்று மட்டுமே ஐந்தாறு நீர் மூலக்கூறுகளைத் தன்னைச் சுற்றி இழுத்து வைத்துக்கொள்ளும். கட்டுப்படாமல் இருக்கும் நீர் குறைவதால், கரைந்த அயனிகள் தங்கள் செறிவு காட்டுவதைவிட அதிகச் செறிவில் இருப்பதுபோல நடந்துகொள்ளும். γ மேலே ஏறுகிறது. NaCl-இன் சராசரி ஆக்டிவிட்டி குணகம் 0.1 மோலாலில் 0.778, 1 மோலாலில் 0.657, பிறகு திரும்பி ஏறி 6 மோலாலில் 0.986. HCl இன்னும் தீவிரம். 1 மோலாலில் 0.809, 4 மோலாலில் 1.76, 10 மோலாலில் 10-க்கும் மேல். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் அதன் செறிவை வைத்து எதிர்பார்ப்பதைவிட எவ்வளவோ உக்கிரமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இரண்டாவது விளைவு அயனி இணைவு. எதிர் மின்சுமையுள்ள அயனிகள் தற்காலிகமாகச் சேர்ந்து ஓர் இணையாக உலவுகின்றன. மின்சுமை அதிகமாக அதிகமாக இது வலுக்கிறது. உங்கள் கரைசலில் 1.57 மோலார் Na⁺ நடுவே 0.1 மோலார் HPO₄²⁻ மாட்டிக்கொண்டிருக்கிறது. அதில் ஒரு பகுதி NaHPO₄⁻ என்ற இணையாகப் போய்விடுகிறது. தனியாக இருக்கும் HPO₄²⁻ குறைவதால் சமநிலை மேலும் புரோட்டானை விடும் பக்கம் சாய்கிறது. HPO₄²⁻ விஷயத்தில் இந்த இழுப்பு நீர்ப் பற்றாக்குறையை வென்றுவிடுகிறது என்பதைத்தான் உங்கள் 6.8 சொல்கிறது. அந்த அளவீட்டிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் γ2/γ1 சுமார் 0.07. தர பஃபரில் அது 0.46. இந்த 0.07-க்குள் தூய மின்விசைப் பங்கு எவ்வளவு, இணைவின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது நாம் எந்த மாதிரியை எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது. pH அளவீடு மட்டும் அதைப் பிரித்துத் தராது. மொத்த விளைவு உறுதியானது, பிரிப்புதான் விவாதத்துக்கு உரியது.

மீட்டரையும் கொஞ்சம் சந்தேகிக்க வேண்டும். அதைச் சரிபார்க்கும் தர பஃபர்கள் எல்லாம் அயனி வலிமை 0.1 பக்கம் இருப்பவை. 1.7 உள்ள கரைசலில் முனையை வைத்தால், ஒப்பீட்டு மின்முனையின் சந்திப்பில் உருவாகும் மின்னழுத்தம் சரிபார்த்தபோது இருந்த அளவில் இருக்காது. அதனால் கடைசி இலக்கத்தை நம்பக் கூடாது. செறிவான கரைசலில் 6.8 என்பதை 6.7-க்கும் 6.9-க்கும் நடுவே என்று வாசிப்பேன். ஆனால் ஒரு முழு அலகு விலகலுக்கு இது காரணமாகாது. கூடவே அடிப்படையான ஓர் எல்லையும் உண்டு. தனி ஓர் அயனியின் ஆக்டிவிட்டியை எந்தச் சோதனையாலும் தனியாக அளக்க முடியாது. நேர் அயனியும் எதிர் அயனியும் சேர்ந்த சராசரியைத்தான் அளக்க முடியும். pH என்ற அளவுகோலே நீர்த்த கரைசல்களுக்காக ஒத்துக்கொண்ட ஒரு மரபின் மேல் நிற்கிறது. செறிவான உப்புநீரில் மீட்டர் காட்டும் எண்ணுக்கு அந்த மரபின் முழு ஆதரவு இல்லை.

நீர்த்த கரைசலில் இடித்த அந்த 0.17-க்கு வருகிறேன். 0.17 அயனி வலிமையிலேயே சோடியம் இணைவு கொஞ்சம் தலைகாட்டும், டேவிஸ் அதைப் பார்ப்பதில்லை. இன்னொரு வாய்ப்பையும் சரிபாருங்கள்: நீங்கள் எடைபோட்ட டைசோடியம் பாஸ்பேட் நீரற்றதா, இரு நீர் மூலக்கூறு சேர்ந்ததா? மூலக்கூறு எடை முதலாவதற்கு 142, இரண்டாவதற்கு 178. நீரற்றதற்கான எடையை இரண்டாவதில் போட்டிருந்தால் HPO₄²⁻ 0.1-க்குப் பதில் 0.08 ஆகும், pH சுமார் 0.1 இறங்கும். எடைத் தவறையும் ஆக்டிவிட்டி விளைவையும் பிரித்தறிய எளிய வழி இருக்கிறது. விகிதத்தில் தவறு இருந்தால் அது மூலக்கரைசலிலும் நீர்த்ததிலும் ஒரே அளவில் pH-ஐத் தள்ளும், எவ்வளவு நீர்த்தாலும் கூடவே வரும். ஆக்டிவிட்டி விளைவு நீர்க்க நீர்க்கக் கரைந்துகொண்டே போகும். தர பாஸ்பேட் பஃபரைச் சம அளவு நீரால் நீர்த்தால் pH 0.08 ஏறும் என்பது அளந்து பதிந்த மதிப்பு. உங்கள் மூலக்கரைசலையும் படிப்படியாகப் பாதியாக நீர்த்து ஒவ்வொரு முறையும் அளந்து பாருங்கள். கடைசிச் சில படிகளில் டேவிஸ் திருத்தத்தை நீக்கிப் பார்த்தால் அளவீடுகள் எந்த மதிப்பை நோக்கிப் போகின்றன என்று கவனியுங்கள். 7.94 பக்கம் போனால் எடை சரி. 7.84 பக்கம் போனால் உப்புக் குப்பியின் லேபிளைப் பாருங்கள். மிகவும் நீர்த்துவிட்டால் காற்றிலிருந்து கரையும் கார்பன் டை ஆக்சைடு குறுக்கே வந்துவிடும். அதனால் பாஸ்பேட் ஒரு மில்லிமோலார் வந்ததும் நிறுத்திவிடுங்கள்.

நடைமுறைக்கு வருவோம். பலர் செய்வது மூலக்கரைசலையே NaOH விட்டு 7.4-க்குக் கொண்டுவருவது. அப்படிச் செய்தால் பத்து மடங்கு நீர்த்தபின் அது 8 பக்கம் போய் நிற்கும், ஏனென்றால் 0.6 ஏற்றம் அப்படியே மேலே சேரும். மூலக்கரைசல் 6.8-ஆகவே இருக்கட்டும். அதிலிருந்து சிறிது எடுத்து, பயன்படுத்தப்போகும் செறிவுக்கு நீர்த்து அளந்து, தேவையானால் அந்த அளவீட்டை வைத்து மூலக்கரைசலைத் திருத்துங்கள்.

கணக்குத்தான் வேண்டும் என்றால், அயனி வலிமை 0.1 வரை டேவிஸைத் தயங்காமல் பயன்படுத்தலாம். 0.5 வரை தோராயமாக. அதற்கு மேல் இரண்டு வழி. ஒன்று, அதே உப்பில் அதே அயனி வலிமையில் அளந்து வெளியிட்ட சமநிலை மாறிலியை எடுத்து, செறிவுகளை நேரடியாகப் போடுவது. இதில் கவனிக்க வேண்டியது, அந்த மாறிலி ஹைட்ரஜன் அயனிக்குச் செறிவைப் பயன்படுத்துகிறதா ஆக்டிவிட்டியைப் பயன்படுத்துகிறதா என்பது. இரண்டையும் கலந்தால் 0.1, 0.2 அளவுக்குத் தவறு எளிதாக நுழைந்துவிடும். பொட்டாசியம் உப்பில் அளந்ததைச் சோடியம் உப்புக்குப் போடவும் கூடாது, இணைவின் அளவு வேறு. இன்னொன்று, 1973-இல் பிட்சர் தந்த சமன்பாடுகள். ஒவ்வோர் அயனி இணைக்கும் தனித்தனி அளவீட்டு எண்கள் அதில் உண்டு. 6 மோலால் வரைக்கும் நம்பி நடக்கலாம், ஆனால் உங்கள் கரைசலில் உள்ள எல்லா இணைகளுக்கும் அந்த எண்கள் அட்டவணையில் கிடைத்தால்தான்.

இந்தச் சிக்கல் எல்லா பஃபருக்கும் ஒரே அளவில் வராது. அசிட்டிக் அமிலத்தில் மின்சுமையற்ற அமிலம் ஒற்றை எதிர் அயனியாகிறது, அதனால் 0.1 அயனி வலிமையில் pKa 4.76-லிருந்து 4.65 வரைதான் இறங்கும். பாஸ்பேட்டின் இறக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு. டிரிஸ் பஃபரில் நேர் அயனி புரோட்டானை விட்டு மின்சுமையற்றதாகிறது. அங்கே திசையே தலைகீழ், உப்பு சேர்த்தால் pH கொஞ்சம் ஏறும், நீர்த்தால் கொஞ்சம் இறங்கும். செறிவான மூலக்கரைசலாக வைத்து நீர்த்துப் பயன்படுத்துவதுதான் உங்கள் தேவை என்றால், பாஸ்பேட்டே வேண்டும் என்ற கட்டாயம் இல்லாத வேலைகளுக்கு ஒற்றை மின்சுமை மட்டும் கொண்ட பஃபரைத் தேர்ந்தெடுங்கள்.